மறதிக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் குறித்து ஒரு வேண்டுகோள்

குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவில் உள்ள ஒரு குடும்பத்தாரின் சார்பில் இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டு முதியவர் ஒருவருக்குச் சில மாதங்களாக மறதி கூடிவருகிறது. உடல்நிலை பற்றி இதற்கு மேல் எதையும் பொதுவில் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டுள்ளனர்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். முதல் ஆலோசனைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ செல்லவும் அவர்கள் தயாராக இருக்கிறார்கள். ஆனால் மாதந்தோறும் அவ்வளவு தூரம் அலைய முதியவரால் இயலாது என்பதால், தொடர்ந்து கவனிக்க இங்கேயே ஒருவர் இருப்பது நல்லது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, ஏற்கெனவே உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரக்கூடும். ஆகவே வயதின் மீது பழியைப் போட்டு அனுப்பிவிடாமல், தேவையான பரிசோதனைகளைச் செய்து பார்த்து, முதியவரிடமே முகம் பார்த்துப் பேசுகிற மருத்துவராக இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முதன்மையான எதிர்பார்ப்பு. மாடிப்படி ஏறாமல் செல்லும்படியான இடமாக இருந்தால் இன்னும் வசதி.

பதில்களைக் குழுவில் இடாமல் எனக்குத் தனிச்செய்தியாக அனுப்புங்கள். மருத்துவரின் பெயர், மருத்துவமனை இருக்கும் இடம், முன்பதிவுக்கான எண், பார்க்கும் நேரம், தோராயமான கட்டணம் ஆகியவை போதும். மருத்துவரின் சொந்தக் கைப்பேசி எண்ணை அவருடைய இசைவின்றித் தர வேண்டாம். உங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது காத்திருந்த நேரத்தையும் அவர் விளக்கிய விதத்தையும் சொன்னால் பயனுண்டு; உங்கள் வீட்டார் யாருக்கு என்ன நோய் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருந்துச் சீட்டையோ ஸ்கேன் அறிக்கையையோ படமெடுத்து அனுப்ப வேண்டாம். அதில் நோயாளியின் பெயரும் வயதும் பதிவு எண்ணும் இருக்கும்.

எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துத்தான் நாம் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறோம். அது அன்பால் வந்த பழக்கம்தான், நானும் அதற்கு விலக்கல்ல. ஆனாலும் இம்முறை மட்டும் யார் வீடு என்று குழுவிலோ வேறிடத்திலோ கேட்கவோ ஊகிக்கவோ வேண்டாம் என்று வேண்டுகிறேன். சம்பந்தம் பேசும் வீடுகளில் இத்தகைய செய்தி எவ்வாறெல்லாம் திரிந்து போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இச்செய்தியை வேறு குழுக்களுக்கு அனுப்பவும் வேண்டாம். வெளியே தெரிந்தவர்களிடம் கேட்பதானால், மறதிக்கு நல்ல மருத்துவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.

வரும் ஞாயிறு இரவு வரை கிடைக்கும் விவரங்களை, அனுப்பியவர் பெயரை நீக்கி, அக்குடும்பத்தாரிடம் சேர்த்துவிட்டு என் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவேன். அவர்கள் உங்களிடம் நேரடியாகப் பேச விரும்பினால், முதலில் உங்களைக் கேட்டுக்கொண்டே எண்ணைக் கொடுப்பேன்.

நன்றியுடன்,
குழு நிர்வாகி