உள்நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் அறிவிப்பு: மருந்துக்கும் சிகிச்சைக்கும் முன் பெயர் கேட்டு, கைப்பட்டை பார்ப்பது பற்றி

இந்த மருத்துவமனையில் மாத்திரை, ஊசி, டிரிப், ரத்தம் ஏற்றுவது, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே, ஸ்கேன், டயாலிசிஸ், அறுவை சிகிச்சை என எதைத் தொடங்கும் முன்பும் நோயாளி யார் என்பதை இரண்டு அடையாளங்களைக் கொண்டு உறுதி செய்கிறோம். ஒன்று, முழுப்பெயர். இன்னொன்று, பிறந்த தேதி. பிறந்த தேதி சரியாகத் தெரியாத பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அட்மிஷனின்போது தரப்பட்ட மருத்துவமனை எண்ணை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்வது, உங்கள் கைப்பட்டையில் இருப்பது, எங்கள் கையில் உள்ள மருந்துத் தாளிலோ சோதனைச் சீட்டிலோ இருப்பது ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்தோ ஓர் இலக்கமோ மாறியிருந்தாலும், அதைச் சரிபார்த்துத் திருத்திய பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்வோம்.

கட்டில் எண்ணும் அறை எண்ணும் அடையாளமாகாது. காலையில் ஒரு கட்டிலில் இருந்தவர் மதியம் ஸ்கேனுக்குப் போய்த் திரும்பும்போது வேறு கட்டிலுக்கு மாற்றப்படலாம். பழைய கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்திருப்பார். பெயர் மட்டும் இருந்தாலும் போதாது. ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர், அதே இனிஷியலோடுகூட, இருப்பது அபூர்வமே இல்லை. அப்படி இருந்தால் இருவரின் கேஸ் ஷீட்டிலும் "இதே பெயரில் இன்னொருவர் உள்ளார்" என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவோம், முடிந்தவரை தள்ளித் தள்ளிக் கட்டில் கொடுப்போம். வயதையும் நாங்கள் அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை. அறுபத்தைந்து வயதுக்காரர்கள் ஒரு வார்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊழியர் "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்கக் கூடாது. "உங்கள் முழுப்பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். காது மந்தமானவர், அரைத் தூக்கத்தில் இருப்பவர், வலியில் தவிப்பவர், "நர்ஸ் கேட்கிறாரே" என்று மரியாதைக்குத் தலையாட்டுபவர் எல்லோருமே முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு "ஆமாம்" அடுத்தவருடைய மருந்தை உங்கள் உடம்புக்குள் அனுப்பிவிடலாம். ஊழியர் அவசரத்தில் பெயரை அவரே சொல்லிக் கேட்டால், தயங்காமல் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் நீங்களே முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

"காலையிலிருந்து இதே நர்ஸ்தான் பார்க்கிறார், ஒவ்வொரு வேளையும் பெயர் கேட்கிறாரே" என்று சிலருக்கு எரிச்சல் வருகிறது. அது நியாயமான எரிச்சல்தான். ஆனால் முகம் தெரிந்தவரிடமும் தவறு நடக்கும். உங்களை அவருக்கு நன்றாகத் தெரியும்; கையில் இருக்கும் மாத்திரைக் கிண்ணம் உங்களுடையதுதானா என்பதைத்தான் அவர் பார்க்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஒன்பது நோயாளி பாதுகாப்பு வழிகளில் நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதும் ஒன்று. பத்தாவது முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ரத்தம் தொடர்பான இரண்டு இடங்களில் நாங்கள் மிகவும் கண்டிப்பாக இருக்கிறோம். முதலாவது, சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது. குழாயில் பெயர்ச்சீட்டை முன்கூட்டியே ஒட்டி எடுத்து வரக் கூடாது. ரத்தம் எடுத்த பிறகு, உங்கள் கட்டிலருகே, உங்கள் கண்ணெதிரேயே ஒட்ட வேண்டும். இங்கே குழாய் மாறினால் ரத்த வகையே தவறாகப் பதிவாகும், அதை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது, ரத்தம் ஏற்றும்போது. இரண்டு ஊழியர்கள் கட்டிலருகே நின்று கைப்பட்டையையும் ரத்தப் பையின் சீட்டையும் தனித்தனியாக ஒப்பிடுவார்கள். பொருந்தாத வகை ரத்தம் சிறிதளவு ஏறினாலே உயிருக்கு ஆபத்து வரலாம். ஆகவே இந்தச் சோதனைக்கு ஆகும் சில நிமிடங்களைக் குறைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் வார்டில் ஒருமுறை, தியேட்டர் வாசலில் ஒருமுறை, மயக்க மருந்துக்கு முன் ஒருமுறை பெயரும், என்ன அறுவை சிகிச்சை, எந்தப் பக்கம் என்பதும் கேட்கப்படும். வலது முழங்காலா, இடது முழங்காலா என்பதை நீங்களே வாயால் சொல்லுங்கள். தோலில் பேனாவால் போட்ட குறியைக் குளிக்கும்போது தேய்த்து அழித்துவிடாதீர்கள். கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள எல்லோரும் ஒரு நிமிடம் கைவேலையை நிறுத்தி, இவையனைத்தையும் மீண்டும் உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பார்கள்.

அப்புறம், கைப்பட்டை. அதைக் கட்டும்போதே பெயரின் எழுத்துகளையும் தேதியையும் எண்ணையும் நீங்களோ உடனிருப்பவரோ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆதார் போன்ற அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர் என்றால் அட்டையில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். பட்டை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். கை வீங்கி இறுக்கினாலோ, அரித்தாலோ, எழுத்து அழிந்தாலோ நீங்களே வெட்டாமல் எங்களிடம் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் பட்டை கட்டுவதில்லை; மறு கையிலோ கணுக்காலிலோ கட்டுவோம். டிரிப் போடுவதற்காக ஊழியர் பட்டையை வெட்ட நேர்ந்தால், அவரே உடனடியாகப் புதியதைக் கட்ட வேண்டும். பட்டை இல்லாத நோயாளிக்கு அது கட்டப்படும்வரை மருந்து கிடையாது. பட்டையைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டி வைப்பதும், தலையணைக்கடியில் வைப்பதும் வேண்டாம். குளிக்கும்போதும் கையிலேயே இருக்கட்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடுதலாகச் சிவப்புப் பட்டை கட்டுவோம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஊழியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பதில் சொல்ல முடிகிற நோயாளியை அவரே பேச விடுங்கள். உடனிருப்பவர் அன்பினால் முந்திக்கொண்டு பதில் சொல்வது பல நேரம் சோதனையையே கெடுத்துவிடுகிறது. குழந்தைகள், நினைவு தப்பியவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் உடனிருப்பவர் சொல்லலாம். அப்போதும் கைப்பட்டையைப் பார்ப்போம். புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பிரசவ அறையிலேயே இரண்டு பட்டைகள் கட்டப்படும். அவற்றில் தாயின் பெயரும் மருத்துவமனை எண்ணும் இருக்கும். குழந்தையை எங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாலும், அம்மாவின் பட்டையோடு ஒப்பிட்ட பிறகே கையில் வாங்குங்கள். விபத்தில் அடையாளம் தெரியாமல் வருபவர்களுக்குத் தற்காலிக எண்ணுடன் பட்டை கட்டுவோம். உயிர் காக்கும் அவசர சிகிச்சை இதற்காகக் காத்திருக்காது.

உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் மற்றவர் காதில் விழச் சொல்ல விருப்பமில்லை என்றால், தாளில் எழுதிக் காட்டலாம். மெதுவாகச் சொன்னாலும் போதும்.

யாராவது பெயர் கேட்காமலோ பட்டையைப் பார்க்காமலோ மருந்து கொடுக்க வந்தால், "முதலில் என் பட்டையைப் பாருங்கள்" என்று சொல்லிக் கையை நீட்டுங்கள். டாக்டராக இருந்தாலும் சொல்லலாம். மாத்திரையின் நிறமோ எண்ணிக்கையோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் விழுங்கும் முன் கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாரும் உங்களிடம் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் எங்களிடம் தெரிவியுங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் கடைசி மருந்தும் மருந்துச் சீட்டும் கொடுத்த பிறகு, வார்டு நர்ஸே பட்டையை வெட்டி, அதில் உள்ள விவரங்கள் படிக்க முடியாதபடி அழிப்பார்.

சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும்: உங்கள் வார்டின் நர்ஸ் மேஜை, அல்லது படுக்கையருகே உள்ள தொலைபேசியில் உள்ளிணைப்பு எண் 214 (இரவும் பகலும்).

செவிலியர் கண்காணிப்பாளர்
நோயாளி பாதுகாப்புக் குழுவுக்காக