கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில்: நடந்தபடி கேட்கும் குரல் வழிகாட்டி

1. கோபுர வாசல்

வணக்கம். செருப்பைக் கழற்றிவிட்டீர்களா? சரி, குழாயடியில் கால் கழுவிக்கொள்ளுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மற்றக் காது மணிக்கும் ஓதுவோருக்கும்.

பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி இதை முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். வெளியே கொழும்பு வெயில் கொளுத்தினாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். இருட்டாகவும் இருக்கும், பார்த்து நடங்கள்.

சில ஆண்கள் சேர்ட்டைக் கழற்றியிருப்பார்கள். ஈழத்துக் கோயில்களின் பழைய வழக்கம் அது. நீங்களும் கழற்ற வேண்டுமா என்று வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். உள்ளே படம் எடுக்கவேண்டாம்.

2. கொடிமரம்

அடியார்கள் விழுந்து கும்பிடுவது இங்கேதான். ஆண்கள் உடல் முழுவதும் நிலத்தில் படக் கிடப்பார்கள், பெண்கள் முழந்தாளிட்டு வணங்குவார்கள். அவர்களைத் தாண்டிப் போகாமல் சற்று நில்லுங்கள். முன்னே இருப்பது பலிபீடம், அதற்கப்பால் நந்தி. நந்திக்கும் மூலவருக்கும் நடுவே குறுக்கே நடப்பதில்லை. இறைவனையே பார்த்துக்கொண்டிருப்பவரை மறைக்கலாமா?

3. மூலவர் சந்நிதி

திரை போட்டிருந்தால் அலங்காரம் நடக்கிறது, காத்திருங்கள். மணி அடித்துத் தீபம் காட்டத் தொடங்கினால் இந்தப் பதிவை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் என் பேச்சு தேவையில்லை.

[இருபது விநாடி மௌனம்]

குருக்கள் திருநீறு தந்தால் வலது கையை நீட்டி, இடது கையை அதன் கீழே வைத்து வாங்குங்கள். கீழே சிந்தக்கூடாது. நீங்கள் வேறு சமயத்தவர், பூச விருப்பமில்லை என்றால் கைகூப்பி ஒதுங்கி நின்றால் போதும், யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். தட்டில் காசு போடுவது அவரவர் விருப்பம்.

4. உட்பிரகாரம்

சந்நிதி உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி சுற்றி வாருங்கள். சுவரில் தெற்கு நோக்கி, கல்லால மரத்தின் கீழ் இருப்பவர் தட்சிணாமூர்த்தி. பேசாமல் பாடம் சொன்ன குரு. பரீட்சைக்காலத்தில் பிள்ளைகள் இவரிடம்தான் வருவார்கள்.

வடக்குப் பக்கம் சிறிய சந்நிதியில் சண்டிகேசுவரர். சிவன் சொத்துக்குக் காவல் இவர். 'ஒன்றும் எடுத்துப் போகவில்லை' என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவது வழக்கம். சிலர் பலமாகக் கைதட்டுவார்கள், விரல் சொடுக்குவார்கள். அவர் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவே உள்ளங்கைகளை மெதுவாகத் தடவிக் காட்டினால் போதும்.

5. வெளியேறும் முன்

கும்பிட்டதும் ஓடிவிடாமல் ஒரு தூண் ஓரமாகக் கொஞ்சம் இருந்துவிட்டுப் போவார்கள் எங்கள் ஆட்கள். நீங்களும் இருங்கள், சந்நிதிப் பக்கம் காலை நீட்டாமல். அப்புறம் இந்தக் கருவியை வாசல் மேசையில் கொடுத்துவிடுங்கள்.