ஸ்பாட்டிஃபை டுவோ பிளான் காசு எப்படிப் பிரிக்கிறது, யாராவது வீடு மாறினா என்ன பண்றது

சரவணன் அண்ணா, கிஷோர்,

நேத்து ராத்திரி ஹால்ல பாதியில விட்ட பேச்சை இங்க முழுசா எழுதிடுறேன். வாய்ல பேசினா "சரி சரி, பாத்துக்கலாம்"னு போயிடும். அப்புறம் யார் யாருக்கு எவ்ளோ தரணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. கொஞ்சம் நீளமான மெசேஜ்தான், சாவகாசமா படிங்க.

நானும் அண்ணாவும் ஸ்பாட்டிஃபைக்கு மாசாமாசம் தனித்தனியா கட்டிட்டு இருக்கோம். ஒரே வீட்டுல இருக்குற ரெண்டு பேருக்குன்னே பிரீமியம் டுவோ இருக்கும்போது இது வீண் செலவு. டுவோன்னா ஒரே அக்கவுண்ட்டை ரெண்டு பேர் பிடிச்சு இழுக்குறது இல்ல. ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் அப்படியே இருக்கும், பில் மட்டும் ஒண்ணா வரும். அண்ணாவோட பிளேலிஸ்ட் அண்ணாகிட்ட, என்னோடது என்கிட்ட. அவர் என்ன கேக்குறார்னு எனக்குத் தெரியாது, நான் கேக்குறது அவருக்கும் தெரியாது. (இது எனக்கு ரொம்ப நிம்மதி.)

கணக்கு சொல்றேன். தனி பிளானை 10 பங்குன்னு வெச்சுக்கோங்க. நமக்குக் காட்டுற விலைல டுவோ ஏறக்குறைய 14 பங்கு வருது. இப்ப நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து 20 கட்டுறோம், மாறினா ஆளுக்கு 7. கிஷோர், உன்னோட ஸ்டூடன்ட் பிளான் 5 பங்குதான். நீ டுவோக்கு வந்தா உனக்கு 2 பங்கு நஷ்டம். அதனாலதான் உன்னை இப்ப கூப்பிடல, வேற எதுவும் இல்ல. உன் படிப்பு முடியுற வரைக்கும் அங்கேயே இரு. ஆனா அந்தச் சலுகை மொத்தமா 4 வருஷம் வரைக்கும்தான், 12 மாசத்துக்கு ஒரு தடவை மாணவன்னு திரும்ப நிரூபிக்கவும் சொல்லுவான், அந்தத் தேதியை விட்டுடாத. அது முடிஞ்சதும் ரெண்டு வழி இருக்கு. டுவோல இடம் காலியா இருந்தா முதல் உரிமை உனக்கு. காலியா இல்லன்னா மூணு பேரும் ஃபேமிலி பிளானுக்குப் போகலாம். அதுல ஆறு பேர் வரைக்கும் இருக்கலாம், மூணா பிரிச்சா எவ்ளோ வருதுன்னு அன்னிக்கு விலையைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்.

இப்ப பங்கு. சரிபாதி. கிஷோர் நேத்து "அண்ணா ஒரு நாளைக்கு நாலு பாட்டுதான் கேக்குறார், நீ தூங்கும்போதும் ஓடுது, நீதான் ஜாஸ்தி தரணும்"னு சொன்னான். கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா பில் கேக்குற நேரத்தை வெச்சு வரல, ஆள் கணக்குல வருது. நேரத்தை வெச்சுப் பிரிச்சா மாசாமாசம் ஒரு பஞ்சாயத்து வைக்கணும். அதே மாதிரி "யார் கார்டுல கட்டுறாங்களோ அவங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்"ங்கிறதும் வேண்டாம். கார்டு வெச்சிருக்கவங்களுக்குத் தொல்லை இருக்குங்கிறது நிஜம், அதுக்கு வேற வழி சொல்றேன்.

அண்ணா, "விடு தம்பி, நானே கட்டிக்கிறேன், நீ எதுக்குக் காசு தர்ற"ன்னு நீங்க சொன்னதுக்கு நன்றி. ஆனா ஒத்துக்க மாட்டேன். ஓசியில இருந்தா அப்புறம் நீங்க பிளானை நிறுத்தணும்னு நினைச்சாலும் எனக்காக யோசிப்பீங்க. வீட்டை விட்டு நான் போகும்போதும் சொல்லக் கூச்சமா இருக்கும்.

யார் பேர்ல எடுக்குறது? ஐடியா என்னோடதுங்கிறதால நானே எடுக்குறேன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் விதிகளைப் படிச்சதும் மனசு மாறிடுச்சு. பிளானை ஒருத்தர் பேர்ல இருந்து இன்னொருத்தர் பேருக்கு மாத்த முடியாது. பொறுப்புல இருக்கவர் ரத்து பண்ணா ரெண்டு பேருக்குமே பிரீமியம் போயிடும், இன்னொருத்தர் புதுசா ஆரம்பிக்கணும். அதோட, ஒரு டுவோல இருந்து இன்னொருத்தரோட டுவோக்கோ ஃபேமிலிக்கோ மாறுறது 12 மாசத்துக்கு ஒரு தடவைதான். அப்போ யார் இங்க ரொம்ப நாள் இருப்பாங்களோ அவங்க பேர்ல இருக்கறதுதான் புத்திசாலித்தனம். வீட்டு ஒப்பந்தம் அண்ணா பேர்ல. எனக்கு வேலை ஒப்பந்தமே மார்ச் வரைக்கும்தான், நீட்டிப்பாங்களான்னு தெரியாது. அதனால அண்ணா பேர்லயே எடுக்கலாம், அண்ணாவுக்குச் சம்மதம்னா.

அதுக்கு ஈடா நான் பண்றது: என் பாதியை மூணு மூணு மாசமா முன்கூட்டியே அண்ணாவுக்கு அனுப்பிடுறேன். அண்ணா என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கற நிலைமை வரக்கூடாது. மூணு மாசம் முடியுறதுக்கு முன்னாடி அடுத்தது வரலன்னா, பில் தேதியில இருந்து ஒரு வாரம் பாத்துட்டு, என்னைக் கேக்காமலே என்னைத் தூக்கிடலாம். கோச்சுக்க மாட்டேன். அண்ணா கார்டு தேதி முடிஞ்சோ வேற எதனாலயோ பணம் போகாம பிளான் நின்னுட்டா நான் குறை சொல்ல மாட்டேன், நீங்க சரி பண்ற வரைக்கும் விளம்பரத்தோட கேக்குறேன். விலை ஏத்தினா அந்த மெயில் அண்ணாவுக்குத்தான் வரும், அதை இந்த குரூப்ல போட்டுடுங்க. ஏறின விலையும் பாதிப் பாதி. வேண்டாம்னா அந்த நேரத்துல ரெண்டு பேர்ல யாரும் முன்னறிவிப்பு இல்லாமலே விலகிக்கலாம்.

இனி வீட்டை விட்டுப் போற விஷயம். இதைத்தான் முக்கியமா எழுதணும்னு நினைச்சேன்.

நான் போனா: 30 நாள் முன்னாடி இங்க எழுத்துல சொல்லுவேன். நடந்துட்டு இருக்குற பில் மாசம் முழுசா என் கணக்கு, நான் அஞ்சாம் தேதியே மூட்டையைக் கட்டினாலும் சரி. இன்னும் தொடங்காத மாசத்துக்குக் குடுத்த முன்பணத்தை அண்ணா திருப்பித் தரணும். 30 நாள் சொல்லாம திடீர்னு போனா, அடுத்த ஒரு மாசப் பாதியும் என்னோடதுதான், அதை முன்பணத்துல கழிச்சுக்கோங்க. காலி இடத்துக்கு ஆள் தேடவோ தனி பிளானுக்கு மாறவோ அண்ணாவுக்கு அவகாசம் வேணும்ல, அதுக்குத்தான் அந்த ஒரு மாசம். அதுக்கு மேல என் தலையில கட்டக் கூடாது.

போனதுக்கு அப்புறமும் "இருந்துட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப் போவுது"ன்னு அண்ணா சொல்லுவார்னு எனக்குத் தெரியும். வேண்டாம். ஒரே முகவரியில இருக்கணும்ங்கிறதுதான் இந்த பிளானோட அடிப்படை நிபந்தனை. நான் பெட்டியைத் தூக்குற அன்னிக்கே அதுல இருந்து வெளிய வந்துடுறேன். எனக்கு ஒண்ணும் போயிடாது. அக்கவுண்ட் இலவசத்துக்கு இறங்கும், பிளேலிஸ்ட், லைக் பண்ண பாட்டு எல்லாம் அப்படியே இருக்கும். டவுன்லோட் பண்ணது மட்டும் ஆஃப்லைன்ல ஓடாது. நாம மூணு பேரும் பாட்டு சேக்குற "வீடு பெருக்கும்போது" பிளேலிஸ்ட் என் பேர்ல இருக்கு, அதை அழிக்க மாட்டேன். சந்தேகமா இருந்தா இப்பவே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க.

அண்ணா போனா: அதே 30 நாள். அண்ணா ரத்து பண்ணுவார், கட்டின மாசம் முடியுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஓடும். மிச்ச முன்பணம் எனக்குத் திரும்ப வரணும். அதுக்கப்புறம் நான் என் பேர்ல புது டுவோ ஆரம்பிக்கிறேன், கிஷோர் சலுகை முடிஞ்சிருந்தா அவன், இல்லன்னா புதுசா வர்றவங்க. யாரும் கிடைக்கலன்னா நான் தனி பிளானுக்குப் போயிடுறேன், அந்த வித்தியாசத்தை அண்ணாகிட்ட கேக்க மாட்டேன்.

வீடு மாறாம, சும்மா "எனக்கு இது வேண்டாம்"னு தோணினாலும் இதே விதிதான். காரணம் கேக்க வேண்டாம். சண்டை போட்டு நிறுத்துறதா இருந்தாலும் 30 நாள் கழிச்சே நிறுத்தலாம், அதுக்குள்ள கோவம் ஆறிடும்.

ஹால் ஸ்பீக்கர் பத்தி. அது இப்ப அண்ணா அக்கவுண்ட்ல இருக்கு. ஒரு அக்கவுண்ட்ல ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் பாட்டு ஓடும், அதனால கிஷோர் ஹால்ல போட்டா பஸ்ல இருக்குற அண்ணாவுக்கு நின்னு போகுது. போன மாசம் கிஷோர் தூங்குறதுக்காக ராத்திரி பூரா மழைச் சத்தம் போட்டான், அதுல இருந்து அண்ணாவுக்குப் பரிந்துரையில இடி, தவளை, தகரக் கூரை மேல விழுற தூறல்னு வந்துட்டே இருக்கு. அந்த பிளேலிஸ்ட்டோட மூணு புள்ளியைத் தொட்டா, அதை உங்க ரசனைக் கணக்குல சேக்க வேண்டாம்னு சொல்ற வசதி இருக்கு அண்ணா, நான் காட்டுறேன். இனிமே யார் போடுறாங்களோ அவங்க போன்ல இருந்து போடுவோம். எல்லாரும் இருக்குறப்ப ஸ்பாட்டிஃபைல ஜாம் ஆரம்பிச்சா, ஒரே வைஃபைல இருக்குற எல்லாரும் அவங்கவங்க போன்ல இருந்தே வரிசையில பாட்டு சேக்கலாம். பாஸ்வேர்டு யாருக்கும் தர வேண்டியதில்ல. ஸ்பீக்கருக்குன்னு கிஷோர்கிட்ட காசு வாங்குற பேச்சே வேண்டாம், அவன் அவனோட அக்கவுண்ட்டுக்குக் கட்டுறான்.

எல்லாருக்கும் ஓகேன்னா இப்படிப் பண்ணலாம். என் தனி பிளான் 18ஆம் தேதி முடியுது. அதுவா முடியட்டும், நான் இப்பவே ரத்து போட்டு வெச்சுடுறேன். அண்ணா 18 அன்னிக்கு அவரோடதை டுவோவா மாத்தி எனக்கு லிங்க் அனுப்பணும். அப்போ முகவரி கேக்கும். அண்ணா அங்க எப்படி அடிச்சாரோ, கதவு எண்ணுக்கு நடுவுல இருக்குற கோடு வரைக்கும், அதையே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்குப் போடுங்க. நானும் அச்சு அசலா அப்படியே அடிக்கிறேன், இல்லன்னா ஒரே வீடு இல்லன்னு மாட்டிக்கும். நான் உள்ள வந்ததும் மூணு மாசப் பாதியை அனுப்பிடுறேன்.

அண்ணா, உங்க பேர்ல எடுக்குறது உங்களுக்குச் சரிதானான்னு மட்டும் 15ஆம் தேதிக்குள்ள சொல்லுங்க. தயங்கினா என் பேர்ல எடுத்துக்கலாம், மார்ச்ல மறுபடி பாக்கலாம், அவ்ளோதான். எந்த விதியாவது பிடிக்கலன்னா இங்கேயே எழுதுங்க, மாத்திட்டு இந்த மெசேஜைப் பின் பண்ணி வெச்சுடுறேன். கிஷோர், உன் ஸ்டூடன்ட் பிளான் எப்போ முடியுதுன்னு பாத்துச் சொல்லு.

பாலா