செவித்திறன் பரிசோதனை நாள்: பெற்றோருக்கு அறிவிப்பு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

ஜூலை 16, வியாழக்கிழமை காலை 9.30 மணி முதல் 1, 3, 5-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நூலக அறையில் செவித்திறன் பரிசோதனை நடக்கும். ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் போதும். கட்டணம் இல்லை.

தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சிறு குழந்தை தானாக வந்து சொல்வது அரிது. தனக்குக் கேட்பது போலத்தான் எல்லோருக்கும் கேட்கும் என்று அது நினைத்துக்கொள்ளும். ஒரு காதில் மட்டும் குறை இருந்தால் வீட்டிலும் தெரியாமல் போகலாம். மற்றக் காது சமாளித்துவிடும். ஆனால் இரைச்சலான வகுப்பில் பாதிச் சொற்கள் நழுவிவிடும். "கவனிக்கவே மாட்டேன் என்கிறான்" என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளைக்கு உண்மையில் கேட்காமலே இருந்திருக்கலாம். அந்தத் தவறு எங்கள் பக்கம் நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

செவித்திறன் வல்லுநர் முதலில் சிறு விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார். குறும்பி அடைத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று தெரியும். அப்புறம் ஹெட்போன் மாட்டி, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளில் மெல்லிய ஒலிகளை ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலிக்கவிடுவார். கேட்டதும் குழந்தை கையைத் தூக்கினால் போதும். வலி இல்லை, ஊசி, மருந்து எதுவும் கிடையாது. முந்தைய நாள் பஞ்சுக்குச்சி விட்டுக் காதைச் சுத்தம் செய்ய வேண்டாம். அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

இது முதல்கட்டச் சோதனைதான். "மறுபரிசோதனை தேவை" என்று சீட்டு வந்தால் பயப்படாதீர்கள். சளி பிடித்திருக்கும்போது நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும் கேட்பது மந்தமாகும். ஆனால் சீட்டை ஓரமாக வைத்துவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தக் குழந்தையையும் பரிசோதிக்க மாட்டோம். உங்கள் குழந்தையின் உடலை ஒருவர் தொட்டுப் பார்ப்பதும், அதன் முடிவைக் குறித்துவைப்பதும் உங்களுக்குத் தெரிந்து, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே நடக்க வேண்டும். முடிவை மூடிய உறையில் உங்களுக்கே தருவோம். வகுப்பாசிரியருக்கு அதைத் தெரிவிக்கலாமா என்பதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு. சம்மதம் தந்த பிறகும் மனம் மாறினால் அன்று காலை வரை சொல்லலாம். அன்று குழந்தை வேண்டாம் என்று அழுதால் வற்புறுத்த மாட்டோம்.

காதில் சீழ் வடிந்தது, அறுவைச் சிகிச்சை, குழாய் பொருத்தியது, காது கேட்கும் கருவி அணிவது போன்றவை இருந்தால் படிவத்தில் எழுதுங்கள்.

சம்மதம் இல்லை என்றாலும் "வேண்டாம்" கட்டத்தில் குறியிட்டு அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம். புத்தகப்பையின் அடியில் படிவம் கிடந்து, அதனால் ஒரு குழந்தை விடுபட்டுப் போவதுதான் எங்களுக்கு வருத்தம். ஜூலை 10, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளி வேலை நாட்களில் மாலை 3.30 முதல் 4.30 வரை என்னை நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்