சீர் கொண்டாந்த தம்பிக்கு

தம்பி,

வூடு போய்ச் சேந்துட்டயா? குன்னத்தூர் தாண்டுனதும் போன் பண்ணுன்னு சொன்னேன், பண்ணல. உங்கூட்டுப் புள்ளதான் "வந்துட்டாருங்க"ன்னு ஒத்தை வரி போட்டுச்சு.

மணி பதினொன்னே கால். உங்க மாமா தூங்கியாச்சு. நான் சமையக்கட்டுல உக்காந்து இதை டைப் பண்ணிட்டிருக்கேன். நீளமா வரும். பாதியில நிறுத்திட்டு "ஏனுக்கா, ஒடம்பு செரியில்லையா"ன்னு போன் போட்டுடாத. ஒடம்பு நல்லாத்தான் இருக்குது.

சீரெல்லாம் இந்த வருசம் வேண்டாம், சும்மா வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போன்னு நான் சொன்னது நெசமாத்தான். நீ கேக்கல. அதே அஞ்சு கிலோ பச்சரிசி, அதே வெல்லம், மஞ்சக்கொத்து, வண்டிக்குக் குறுக்க கட்டுன ரெண்டு கரும்பு, சீலை. கவர்ல 1,001 ரூபா. போன வருசமும் 1,001, அதுக்கு முந்தின வருசமும் 1,001. எண்ணிப் பாத்துட்டு அப்படியே மடியில வெச்சுட்டு சித்த நேரம் உக்காந்துட்டேன். ஒரு நூறு ரூபா கொறஞ்சிருந்தாக்கூட எனக்கு இத்தனை வெசனம் ஆயிருக்காது.

காப்பி டம்ளரை நீ வாங்கறப்பதான் கையைப் பாத்தேன். இடது ஆள்காட்டி வெரல் நகம் பாதி கறுத்துக் கெடக்குது. "என்றா இது"ன்னேன், "ஊசி ஏறிருச்சுக்கா"ன்னு சொல்லிட்டுக் கையைக் கீழ இறக்கிட்ட. நீ ஓவர்லாக் மிசின்ல கடைசியா உக்காந்து எட்டு வருசம் இருக்கும். சொந்தமா பவர் டேபிள் யூனிட் போட்ட நாள்ல இருந்து நீ கட்டிங், செக்கிங், டெலிவரின்னு நின்னவன். மறுபடியும் மிசினுக்குப் போயிருக்கறயே, அதை நீ என்கிட்டச் சொல்லவே இல்லை. நகம் சொல்லித்தான் தெரியுது.

நம்ம வூட்டுல ஒருத்தரை ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா நல்லா இருக்கறேன்னு சொன்னதே கெடையாது. அம்மா ஒறம்பரையெல்லாம் கூப்புட்டு உன்ற பெருமை பேசும், நீ உள்ள வந்தா "சோறு ஆறுது, கையைக் கழுவு"ங்கும். அப்பா அதுக்கும் மேல. கண்ணு பட்டுருமாமா. நானும் அந்த வழிதான். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குன பையன்கிட்ட ரெண்டு மார்க்கு எங்க போச்சுன்னு கேக்கற டீச்சர். ஊட்டுலயும் அதே கேள்விதான் கேட்டுட்டிருந்திருக்கேன்.

இப்ப சொல்றேன். 2025-ஐ நீ தாண்டி வந்த விதம் எனக்கு நெம்பப் பெருமையா இருக்குது.

எழுதிட்டேன். அழிக்காம அனுப்பணும்.

எதைச் சொல்றேன்னு உனக்குத் தெரியணும், இல்லாட்டி சும்மா வாய் வார்த்தைம்ப. மாசி மாசம் அந்தக் காலையில அப்பா கையில இருந்து டம்ளர் நழுவுச்சு, வாய் ஒரு பக்கம் கோணுச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க பித்தம்னாங்க, சூடா ஏதாச்சும் குடுத்துப் படுக்க வெய்யின்னாங்க. நீ ஒருத்தர் பேச்சும் கேக்கல. பண்டலை எறக்கிப் போட்டுட்டு அதே டாட்டா ஏஸ்ல அப்பாவைத் தூக்கிப் போட்டு, ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரியில சேத்த. கட்டி கரையற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. நான் கோபியில இருந்து பஸ் புடிச்சு வந்து சேந்தப்ப ஊசி போட்டு முடிச்சே ரெண்டு மணி நேரம் ஆச்சு.

அதெல்லாம் ஒரு நாள் கூத்து, யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்கன்னு நீ சொல்லுவ. செரி. அப்பறம் நடந்ததுக்கு என்ன சொல்லுவ?

வலது கையும் பேச்சும் போயிருச்சு அப்பாவுக்கு. டம்ளர்னு சொல்ல வராது, தண்ணின்னு வராது, ஆத்தரத்துல இடது கையில கட்டலைக் குத்துவாரு. நான் லீவுக்கு வந்த பத்து நாளும் பள்ளிக்கூடத்துப் படக்கார்டைக் காட்டி "இது என்னங்கப்பா? யானை. சொல்லுங்க, யானை"ன்னு கழுத்தறுத்துட்டிருந்தேன். அவரு என்னைப் பாத்த பார்வை இருக்குதே! முப்பத்தோரு வருசம் டெய்லரா இருந்த மனுசன்கிட்ட யானைப் படம். நீதான் அந்தக் கார்டைப் புடுங்கி மேல வெச்சுட்டு ஒரு குவியல் கட் பீஸைக் கொண்டாந்து மடியில கொட்டுன.

அன்னிக்கு நான் கதவோரம் நின்னு பாத்துட்டிருந்தேன், உனக்குத் தெரியாது. நீ எதுத்தாப்புல சம்மணம் போட்டு உக்காந்து, ஒன்னும் பேசாம பீஸை ஒன்னு மேல ஒன்னா அடுக்கற. அவரு இடது கையில ஒன்னை எடுத்து வெச்சாரு. நீ "ஒன்னு"ன்ன. அவரு அடுத்ததை வெச்சு "ரெண்டு"ன்னாரு. தண்ணி கேக்க வராத வாயில மூனு, நாலு, அஞ்சுன்னு வரிசையா வருது. பன்னெண்டு வந்ததும் நிறுத்திட்டு உன்னைப் பாத்து "கட்டு"ன்னாரு. டஜனாயிருச்சு, கயிறு போடுங்கறாரு! நீ சிரிக்கவும் இல்லை, அழுகவும் இல்லை. கயித்தை எடுத்துக் கட்டுன. பழகுன எண்ணு, பாட்டு, சாமி பேரெல்லாம் சிலருக்கு இப்படித் தங்கிருக்கும்னு மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற பிசியோ பொண்ணு பொறவு சொல்லுச்சு. நீ யாரையும் கேட்டுட்டுச் செய்யல. பதினோரு வயசுல டெய்லருக்குப் பீஸ் அடுக்கிக் குடுக்கற கைமடியா கம்பெனிக்குப் போன ஆளு, மறுபடியும் கைமடியில இருந்தே தொடங்கட்டும்னு உனக்குத் தோணியிருக்குது. டீச்சர் ட்ரெயினிங் படிச்சவ நானு, அது எனக்குத் தோணல.

அவருக்கு இன்னும் உன்ற பேரு வர்றதில்லை. "ஓனரு"ங்கறாரு. எனக்கு வாய்ச்சது "டீச்சரு". ரெண்டு பேருக்கும் பொருத்தமாத்தான் வெச்சிருக்காரு.

அடுத்தது ஆகஸ்ட். அமெரிக்காக்காரன் வரியை அம்பது சதவீதமாக்குன அன்னிக்கு நான் டிவியில பாத்துட்டு வேற சேனல் மாத்திட்டேன். அது உன்ற பதினாறு மிசினை நிறுத்தும்னு எனக்கு ஒறைக்கல. ஆர்டர் குடுத்த கம்பெனி தெச்ச பீஸை எடுக்காம, பழைய பாக்கியும் தராம, "பாக்கலாம் பாக்கலாம்"னு இழுத்தப்ப நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூனு வாரம் கழிச்சு அம்மா சொல்லித் தெரிஞ்சுது.

தெரிஞ்சதும் நான் பண்ணுனதுதான் இந்த வருசத்துலயே நான் பண்ணுன கேவலமான காரியம். போனைப் போட்டு, கடன்ல புது மிசின் நாலு வாங்கறப்பவே சொன்னனே, அகலக்கால் வெச்சுட்டே, மிசினை வித்துட்டு ஆளுகளை நிறுத்துன்னு பத்து நிமிசம் பாடம் எடுத்தேன். நீ "செரிக்கா"ன்ன. அவ்வளவுதான். அந்த "செரிக்கா" இன்னும் காதுல நிக்குது. நான் பேசறப்ப நீ அப்பாவுக்குப் பேம்பர்ஸ் மாத்திட்டு, போனைத் தோள்ல இடுக்கி வெச்சிருந்தயாமா. உங்கூட்டுப் புள்ள தீவாளிக்கு வந்தப்பதான் சொல்லுச்சு. மன்னிச்சுக்கடா.

நான் சொன்னதைக் கேட்டிருந்தா இருபத்தி ரெண்டு பேரும் ரோட்டுல நின்னிருப்பாங்க. நீ சனிக்கிழமை சம்பளத்தைக் குடுத்துட்டு எல்லாத்தையும் உக்கார வெச்சு, வாரத்துக்கு நாலு நாள் வேலைதான் இருக்குது, அதையும் எத்தனை வாரத்துக்குன்னு தெரியல, வேற எடம் கெடைச்சாப் போறவங்க போங்க, நானே சொல்லி வுடறேன்னு நெசத்தைச் சொன்ன. ஆறு பேருக்கு நீயே பேசி வேற கம்பெனியில சேத்து வுட்ட. சாம்பிள் பையைத் தூக்கிட்டுக் காதர்பேட்டையில கடை கடையா ஏறி எறங்குன. எக்ஸ்போர்ட் தெச்ச கையி பசங்க டி-சர்ட்டுக்கும் டிராக் பேண்ட்டுக்கும் கேட்டு நிக்கறது எத்தனை கஷ்டம்னு எனக்குத் தெரியும். ரேட்டும் பாதி. ஆனா மிசின் ஓடுச்சு.

தீவாளி போனஸ் எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியும். பேட்லாக் மிசின் ரெண்டும் உன்ற புல்லட்டும் வித்த காசு. இதை எனக்குச் சொன்னது உன்ற பேட்லாக் டெய்லரக்கா. பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டுக் கையைப் புடிச்சுட்டு, "உங்க தம்பி பழைய டிவிஎஸ்ல வந்து கவர் குடுத்தாருங்க டீச்சர், வாங்கவே கூசுச்சு"ன்னு சொல்லுச்சு. பஸ் ரெண்டு போயிருச்சு, நான் ஏறல. அந்த அக்கா கையை வுட்டுட்டு ஏற மனசு வரல.

ஒன்னே ஒன்னு மட்டும் எனக்குப் புடிக்கல. எல்லாத்தையும் உனக்குள்ளயே போட்டுப் பூட்டிக்கறது. அப்பாகிட்ட இருந்து வந்த கொணம் அது, எனக்கும் உண்டு. ஆனா அடுத்த தடவை நகம் கறுத்தா நகத்துகிட்ட இருந்து தெரிஞ்சுக்க எனக்கு இஷ்டமில்லை. திட்டமாட்டேன். திட்டுனாலும் பத்து நிமிசம்தான்.

அப்பறம், ரெண்டாவது சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நான் அங்க வர்றேன், மாசா மாசம். அப்பாவுக்குச் சவரம், குளிப்பாட்டறது, கட் பீஸ் எண்றதெல்லாம் அந்த ரெண்டு நாள் என்ற வேலை. நீயும் உங்கூட்டுப் புள்ளையும் பசங்களைக் கூட்டிட்டு எங்கயாச்சும் போங்க. கொடுமுடி போனாலும் செரி, சினிமாக்குப் போனாலும் செரி, வூட்டுலயே இழுத்துப் போத்திட்டுத் தூங்குனாலும் செரி. மாமாகிட்டச் சொல்லியாச்சு. அந்த 1,001-ஐ நான் தொடல, அதுல பஸ்ஸுக்குப் போக மீதிக்குப் பசங்களுக்கு ஏதாச்சும் வாங்கியாறேன். சீரைத் திருப்பிக் குடுக்கறாளேன்னு மொகத்தைத் தூக்காத. அரிசியையும் வெல்லத்தையும் நானே வெச்சுக்கறேன். சீலை கலர் நல்லாருக்குது. உனக்கு இத்தனை நல்லா எடுக்கத் தெரியாது, யாரு எடுத்ததுன்னு தெரியும். அதுகிட்டயும் சொல்லு.

இதுக்குப் பதில் எழுதோணும்னு இல்லை. நாளைக்குப் போன்ல பேசறப்ப இதைப் பத்திப் பேச்சையும் எடுக்காத, எனக்குக் கூச்சமா இருக்கும். கட்டைவெரல் போட்டு வுடு, போதும். கறுத்த நகத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் வெய்யி.

போன மாசம் பருப்புப்பொடி போட்டுக் குடுத்தனே பெரிய தூக்குப்போசி, அதைக் கொண்டாறேன்னு சொல்லிட்டு இன்னிக்கும் வெறுங்கையோட வந்திருக்கற. மூடியோட எடுத்து வெய்யி, நான் வர்றப்ப வாங்கிக்கறேன்.

அக்கா