நேற்றைய நேர்முகம்: நெல் உலர்த்தும் சேவை, ஸ்லைட்களும் சுருக்கமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நேற்றுக் காலை கிளிநொச்சியில் என் தொழில் யோசனையைக் கேட்டதற்கு நன்றி. நீங்கள் கேட்டபடி ஸ்லைட்களை Nel_Ularthal_Murasumoddai.pdf என்ற கோப்பாக இணைத்திருக்கிறேன். காட்டிய அதே 11 ஸ்லைட்தான், எதையும் மாற்றவில்லை. நேரம் போதாமல் நான் தாண்டிப்போன உலர்த்தியின் வரைபடம் 7ஆவது ஸ்லைட்டில் இருக்கிறது. நேற்று வராத உறுப்பினருக்கும் உதவும் என்று சுருக்கத்தைக் கீழே எழுதுகிறேன்.

முரசுமோட்டையில் எங்கள் காணியில் உமியில் எரியும் தட்டு உலர்த்தி ஒன்றைப் போட்டு, காலபோக நெல்லைக் கூலிக்குக் காயவைத்துக் கொடுப்பதுதான் தொழில். நெல் வாங்குவதும் விற்பதும் எங்கள் வேலை இல்லை. ஒரு தடவைக்கு 4 தொன், எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் பிடிக்கும். வெட்டு மெசின் வந்த பிறகு ஒரு வயல் அரை நாளில் அறுபட்டுவிடுகிறது. ஆனால் காயவைக்க இன்னும் படங்கும் றோட்டும்தான். தை, மாசியில் ஒரு மழை வந்தால் போதும், வரம்பிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். வெயில் கடுமையாக இருந்தாலும் தார் றோட்டில் நெல் சட்டென்று காய்ந்து, குற்றும்போது அரிசி உடைகிறது. அதை ஆலைக்காரரிடம் கேட்டால் தெரியும்.

வங்கியிலிருந்து வந்த அம்மணி கேட்ட கேள்விக்கு நேற்று நான் சொன்ன பதில் குறுகியது. "கூலி கொடுத்துக் காயவைத்தால் விவசாயிக்கு உண்மையில் மிச்சம் வருமா?" என்பது கேள்வி. 20 வீத ஈரப்பதனுள்ள 1000 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் ஏறக்குறைய 930 கிலோதான் மிஞ்சும். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டு நெல் விலையான கிலோ 120 ரூபாய்க்குப் பார்த்தால் அது 1,11,600 ரூபாய். எங்கள் கூலி ஈர நெல் கிலோவுக்கு 5 ரூபாய், அதாவது 5,000 ரூபாய். விவசாயி கையில் 1,06,600 நிற்கும். ஆகவே ஈர நெல்லுக்கு வியாபாரி 106 ரூபாய்க்குக் கீழே கேட்டால் எங்களிடம் வருவது இலாபம். 107 கொடுக்கிறார் என்றால் வரவே வேண்டாம், அங்கேயே கொடுத்துவிடலாம். லாண்ட்மாஸ்டர் கூலி இதில் சேரவில்லை. அதனால்தான் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் என்று திட்டமிட்டிருக்கிறேன்.

எங்களுக்குப் போட்டி இன்னொரு உலர்த்தி இல்லை, வெயில்தான். வெயில் இலவசம். நல்ல மாசி மாதத்தில் பலர் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் ஒரு நாளைக்கு ஒரே தடவை, 40 நாள் என்று கணக்குப் போட்டேன்: 160 தொன், 8 இலட்சம் வருமானம், உமி, மின்சாரம், இரண்டு பேர் சம்பளம் எல்லாம் சேர்த்து 3.5 இலட்சம் செலவு. கேட்கும் கடன் 12 இலட்சம், ஐந்து வருடம். நாள்கள் பாதியாகக் குறைந்தால் அந்த வருடத் தவணைக்கு இது போதாது. அதை மறைக்க விரும்பவில்லை. மாதத் தவணை எங்களுக்குச் சரிவராது, அறுவடைக் காசு கையில் இருக்கும் சித்திரையில் வருடத்துக்கு ஒரு தடவை கட்டலாமா என்பதே என் முக்கிய வேண்டுகோள்.

மீதி மாதங்கள் பற்றியும் கேட்டீர்கள். சிறுபோகத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரணைமடுத் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும், அந்த அறுவடை வெயில் காலத்தில் வருவதால் உலர்த்தியும் அவ்வளவாகத் தேவைப்படாது. விதை நெல் நம்பிக்கை தருகிறது. அதற்குச் சூடு 43 பாகையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் முளைப்புக் கெட்டுவிடும். அதற்காகத்தான் வெப்பமானி பொருத்திய மாதிரியைத் தெரிவு செய்தேன், விலை கொஞ்சம் கூட. உழுந்து, கச்சான் எல்லாம் பிறகு பார்க்கலாம் என்ற நிலையில்தான் இருக்கின்றன, அவற்றை வருமானத்தில் சேர்க்கவில்லை.

விவசாயத் திணைக்கள ஐயா கேட்ட இரண்டு விலைமனுக்களையும் காணி உறுதியின் பிரதியையும் தனிக் கோப்புகளாக இணைத்திருக்கிறேன். விலைமனுக்களில் ஒன்று இம்மாதக் கடைசிவரைதான் செல்லும். இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தால் வெள்ளி தவிர எந்த நாளும் நானோ அப்பாவோ அங்கே இருப்போம். முதல் நாள் இந்த மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தர்சினி
முரசுமோட்டை, கிளிநொச்சி