ஐயாவின் மறைவையொட்டி செந்தில் தம்பிக்கு

மதுரை,
வியாழக்கிழமை

அன்புள்ள செந்தில் தம்பிக்கு,

ஐயா தவறிவிட்டார் என்று நேற்று மதியம்தான் எனக்குத் தெரிந்தது. சரக்கு பேல் வந்துவிட்டதா என்று பார்க்க லாரி ஆபீஸுக்குப் போன கடைப் பையன் திரும்பி வந்து சொன்னான். செவ்வாய்க்கிழமையே எடுத்துவிட்டீர்கள், கூடுதுறையில் சாம்பலும் கரைத்தாயிற்று என்றான். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

உடனே உங்களைப் போனில் கூப்பிடத்தான் நினைத்தேன். கூப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை நானும் பட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். இதற்குப் பதில் போட வேண்டியதில்லை.

எங்கள் அப்பா 2016-ல் தவறியபோது, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஈரோட்டில் ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் ஐயா எங்கள் வாசலில் வந்து நின்றார். பந்தலில் விரித்திருந்தது உங்கள் வீட்டு ஜமக்காளம்தான். அதன் மேலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, ஓரத்தை மட்டும் கையால் தடவிக்கொண்டிருந்தார். அப்போது நாங்கள் உங்களுக்கு இரண்டு பில் பாக்கி. அவர் கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தேன். "கணக்கு எங்கீங்க ஓடிப் போகுது தம்பி? அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல அம்மாவச் சாப்பிட வையுங்க" என்றார். அம்மா முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தும் அது அவர் கண்ணுக்குத்தான் பட்டது.

வியாபாரத்திலும் அவர் அப்படித்தான். விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று சொல்லி ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தபோது, சபலத்தில் ஐயாவிடமே யோசனை கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். "வாங்கறதுன்னா வாங்கிக்கோங்க, பவானின்னு மட்டும் சொல்லி விக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். நான் வாங்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பார்த்ததும் ஞாபகத்தில் இருக்கிறது. அகல ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் நீங்கள் ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம். நாடா உங்கள் கையிலிருந்து அவர் கைக்கும் அவர் கையிலிருந்து உங்கள் கைக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அம்மாதான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர் இல்லாமல் அந்தத் தறியில் மறுபடி உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறுதல் என்று என்ன சொன்னாலும் அது வெறும் வார்த்தையாகத்தான் இருக்கும்.

சரக்கு விஷயம் ஒன்றே ஒன்று. தை முகூர்த்தத்துக்குக் கேட்டிருந்த அறுபது உருப்படியை இப்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மண்டபக்காரரிடம் நான் பேசிவிட்டேன், அவருக்கும் அவசரமில்லை. தறி எப்போது ஓடுகிறதோ அப்போது அனுப்பினால் போதும். கொடுத்த அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும். போன மாதச் சரக்குக்கான தொகையை இன்று காலை உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன். காரியச் செலவு இருக்கும் நேரம். ரசீது எல்லாம் ஐயா சொன்ன மாதிரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுகிறார்களா என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. நீங்களும் சாப்பிடுங்கள்.

காரியம் என்றைக்கு என்று வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். என் மனைவியும் நானும் முந்தின நாள் ராத்திரியே பஸ் ஏறிவிடுவோம்.

துக்கத்தில் உங்களோடு,
முத்துக்குமார்
தெற்கு மாசி வீதி, மதுரை